ஐந்தாவது நட்டு

எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கியபோதுதான் அது நடந்தது. சாலையோரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு இரும்புப் பட்டை முன்சக்கரத்தின் பக்கவாட்டைக் கிழித்தது. வெடிச் சத்தமெல்லாம் இல்லை. சலித்துப்போன மனிதர் விடுவது போல நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"போச்சு," என்றான் தம்பி.

பக்கத்து இருக்கையில் மடியில் வரைபடத்தை விரித்து வைத்திருந்த அக்கா நிமிர்ந்து சாலையைப் பார்த்தாள். அவள் பல் டாக்டர். அன்று ஒருநாள் மட்டும் மருத்துவமனைக்கு விடுமுறை விட்டிருந்தாள். முன்பொரு முறை முழு சூரிய கிரகணம் பார்க்க வெகுதூரம் போய், கடைசி நேரத்தில் மேகம் மூடி, வெறும் இருட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவள். அதன்பிறகு இன்றைய நாளுக்காகக் காத்திருந்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன், நீ வரைபடத்தை மட்டும் பிடி" என்று தம்பி சொல்லியிருந்தான். வானம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. இந்த முறை மேகம் ஏமாற்றவில்லை. டயர்தான் ஏமாற்றியது.

நல்லவேளையாகக் கொஞ்ச தூரத்திலேயே பழைய டயர்களை அடுக்கி வைத்த தகரக் கொட்டகை ஒன்று தெரிந்தது. காரை நத்தை போல உருட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்தினான்.

உள்ளே காற்று அடைக்கும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட ஆண்கள் சட்டை. அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். எடை தூக்குவதில் அல்ல, பேச்சில் யாரையும் அந்தரத்தில் நிறுத்திவிடுவாள் என்பதால் அந்தப் பெயர் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

டயரை ஒரு பார்வை பார்த்தாள். "பக்கத்துல கிழிஞ்சிருக்கு. ஒட்டுப் போட்டா நிக்காது. கழட்டிட்டு ஸ்டெப்னி மாட்டிக்குங்க. நீங்களும் கிரகணக் கோஷ்டியா?"

"ஆமா. எங்களுக்கு நேரமே இல்ல," என்றான் தம்பி. அதற்குள் பின்பக்கக் கதவைத் திறந்து ஸ்பானரை எடுத்துவிட்டான். ஒரு நட்டு, இரண்டு, மூன்று, நான்கு என்று வேகமாகத் தளர்த்தினான். ஐந்தாவது நட்டின் மேல் ஸ்பானர் உட்காரவில்லை.

அது மற்றவை போல ஆறு முகம் கொண்டதாக இல்லை. பளபளவென்று உருண்டையாக இருந்தது. அதன் முகத்தில் பூவிதழ் போல வளைந்து வளைந்து ஒரு பள்ளம் ஓடியது.

"லாக் நட்டு," என்றாள் ஜாக்கி. "சக்கரத்தத் திருட முடியாதபடி மாட்டறது. அதுக்குன்னு ஒரு சாவி இருக்கும். இந்தப் பூவுக்குப் பொருந்துற மாதிரி ஒரு சின்னக் குமிழ். எடுங்க."

தம்பி முன்பக்கப் பெட்டியைத் திறந்தான். கதவுப் பைகளில் தேடினான். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துழாவினான். இருக்கைக்குக் கீழே கைவிட்டு, என்றோ தொலைந்த ஒரு பேனாவையும் காய்ந்துபோன ஆரஞ்சுத் தோலையும் எடுத்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"போன மாசம் டயர் மாத்திப் போட்டேன்ல... அந்தக் கடை."

தொலைபேசியில் பேசினான். மறுமுனையில் இருந்தவர் மிகவும் சந்தோஷமாக, "ஆமா சார், இங்க மேசை டிராயர்லதான் இருக்கு, பத்திரமா வச்சிருக்கோம்," என்றார். அந்தக் கடை அவர்கள் காலையில் புறப்பட்ட நகரத்தில் இருந்தது.

"பத்திரமாம்," என்றாள் அக்கா.

"திட்டணும்னா திட்டிடு."

"திட்டினா கழண்டுடுமாடா?"

அவள் வரைபடத்தைக் காரின் மூக்கின் மேல் விரித்தாள். நிலவின் நிழல் போகும் பாதை சாம்பல் பட்டையாக வரையப்பட்டிருந்தது. அவர்கள் போக நினைத்த இடம் பட்டையின் நடுவில் இருந்தது. இந்தக் கொட்டகை பட்டைக்கு வெளியே, மிக லேசாக வெளியே, ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

ஜாக்கியும் எட்டிப் பார்த்தாள். "இவ்வளவுதானா வித்தியாசம்? இங்கயே உக்காந்து பாத்துட்டுப் போங்களேன். வானம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. நான் இங்கிருந்துதான் பாக்கப் போறேன்."

"இங்க கொஞ்சூண்டு சூரியன் மிச்சம் இருக்கும்," என்றாள் டாக்டர். "அந்தக் கொஞ்சூண்டே போதும், பகல் பகலாவே இருக்கும். லேசா மங்கும், அவ்வளவுதான். முழுசா மறையிற இடத்துல நடக்கறது வேற. நானும் பாத்ததில்ல. பாத்தவங்க சொல்லும்போது பாதியில பேச்சு நின்னு போயிடுது."

ஜாக்கி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து ஸ்பானரை எடுத்து, தம்பி தளர்த்திய நான்கு நட்டுகளையும் திரும்ப இறுக்கத் தொடங்கினாள்.

"என்னங்க பண்றீங்க?" என்று பதறினான் அவன். "இப்பதானே கழட்டினேன்."

"அதான் தப்பு தம்பி. நாலையும் விட்டா சக்கரத்தோட இழுப்பு மொத்தமும் இது ஒண்ணு தலையில உக்காரும். அப்புறம் இது இறுகிப் போயி, யார் சொன்னாலும் கேக்காது. பிடிவாதக்காரனைத்தான் முதல்ல அசைக்கணும், மத்தவங்க தாங்கிப் பிடிச்சிருக்கும்போதே. வண்டியத் தூக்கவும் கூடாது. சக்கரம் தரையில அழுந்தி நிக்கட்டும், இல்லன்னா சுத்தும்."

கொட்டகைக்குள் போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். திறந்தால் உள்ளே குமிழ் குமிழாகச் சாவிகள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒவ்வொரு கோலம். நட்சத்திரம், அலை, பல்சக்கரம், பெயர் சொல்ல முடியாத வளைவுகள். டாக்டர் வாயைப் பிளந்தாள். ஒவ்வொரு மனிதனின் கடைவாய்ப் பல்லும் ஒவ்வொரு மாதிரி இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு நட்டின் முகத்தைக் கூட யாரோ இத்தனை விதமாக யோசித்திருப்பார்கள் என்று நினைத்ததே இல்லை.

ஜாக்கி ஒன்றை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள். அடுத்தது. அடுத்தது. அவசரப்படவில்லை. ஒரு சாவி முக்கால்வாசி இறங்கி நின்றது.

"கிட்ட வருது. ஆனா இது இல்ல," என்று எடுத்து ஓரமாக வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் வண்டியில இன்னொரு பெட்டி இருக்கு. அவர் எங்கயோ நின்னுபோன காரை இழுத்துட்டு வரப் போயிருக்காரு. கேட்டுப் பாக்கறேன்." தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கொட்டகையின் மறுபக்கம் நடந்தாள்.

சாலையில் கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாமே நிழலைத் தேடிப் போகிறவை.

"நீ ஏதாவது ஒரு வண்டிய நிறுத்தி ஏறிப் போயிடேன்," என்றான் தம்பி. "ஒருத்தருக்கு இடம் கொடுப்பாங்க. நான் இங்க பாத்துக்கறேன்."

"உன்ன இங்க விட்டுட்டு அங்க போய் நான் என்னத்தைப் பாக்கறது?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அதுதான் அவனை உலுக்கிவிட்டது. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். ஜாக்கி ஓரமாக வைத்த அந்த முக்கால்வாசிச் சாவியை எடுத்தான், நட்டில் வைத்து அழுத்தினான், நீளமான கம்பியை மாட்டித் தன் முழு எடையையும் அதன் மேல் போட்டான்.

'கிரீச்' என்று ஒரு சத்தம். சாவி வழுக்கிக் கழன்று தரையில் உருண்டது. அவன் முழங்கால் தரையில் மோதியது.

ஜாக்கி ஓடிவந்தாள். நட்டின் முகத்தில் பூ இல்லை. இதழ்களின் விளிம்பெல்லாம் மழுங்கி, பள்ளம் ஒரு தேய்ந்த கிண்ணமாகியிருந்தது. தம்பி முழங்காலைத் தேய்க்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"சரி," என்றாள் ஜாக்கி கடைசியில். "இனிமே சரியான சாவி வந்தாலும் உதவாது. ஒரு வகையில நல்லதுதான். இனிமே மரியாதை பாக்க வேண்டியதில்ல."

அப்போது டாக்டர் தற்செயலாகக் கிரகணக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து மேலே பார்த்தாள். சூரிய வட்டத்தின் ஓரத்தில் நகம் கிள்ளியது போல ஒரு சின்னக் குறை.

"ஆரம்பிச்சுடுச்சு," என்றாள் மெதுவாக.

ஜாக்கி கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதன்பிறகு அவள் நடையில் ஒரு வேகம் வந்தது.

உள்ளேயிருந்து கொண்டுவந்த, குவளை போன்ற சாக்கெட்டின் உட்புறத்தைத் தம்பியிடம் காட்டினாள். அதற்குள் திருகுத் திருகாகக் கத்தி போன்ற வரிகள் ஓடின. "இது எதிர்த் திருகு. நட்டு மேல அடிச்சு இறக்கிட்டுக் கழட்டுற பக்கமாத் திருப்பினா, திருப்பத் திருப்ப இன்னும் ஆழமாக் கடிக்கும். நட்டை விட ஒரு பொட்டு சின்னதா இருக்கணும், அப்பதான் பிடி கிடைக்கும்."

சுத்தியலால் நேராக, அளவாக அடித்து இறக்கினாள். கம்பியை மாட்டித் திருப்பினாள். சாக்கெட் சுலபமாகச் சுற்றியது. மிகவும் சுலபமாக.

தம்பி துள்ளினான். "வந்துடுச்சு!"

"இல்ல." ஜாக்கி நிறுத்தினாள். "சந்தோஷப்படாதீங்க. சுத்துது, ஆனா வெளிய வரல." அவள் முகத்தில் எரிச்சலைத் தேடிய டாக்டருக்கு அங்கே வேறொன்று தென்பட்டது. எதிராளி நன்றாக விளையாடும்போது வரும் மரியாதை. "கெட்டிக்காரன் பண்ணியிருக்கான். வெளிய தெரியறது நட்டே இல்ல. நட்டுக்கு மேல மாட்டின ஒரு வளையம். திருடன் எதை வச்சுப் பிடிச்சாலும் வளையம் மட்டும் சும்மா சுத்தும், உள்ள இருக்கறவன் அசையவே மாட்டான். முதல்ல இந்தச் சட்டையக் கிழிக்கணும்."

சாக்கெட்டைத் தட்டிக் கழற்றினாள். சக்கரத்தின் வெள்ளி நிற அலாய் உலோகத்தில் நட்டு ஒரு ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருந்தது. குழியின் சுவரில் கீறல் விழாமல் இருக்க, ஒரு தகர டப்பாவைக் கத்தரித்து வளைத்து உள்ளே செருகினாள். விளிம்பைச் சுற்றி நாடா ஒட்டினாள். பிறகு இரும்பை அறுக்கும், காற்றில் ஓடும் ஒரு குட்டிக் கிரைண்டரை இயந்திரத்தின் குழாயில் மாட்டினாள்.

டாக்டர் அந்தக் கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்கு," என்றாள். "கொஞ்சம் சின்னது."

"நீங்க என்ன வேலை?"

"பல்."

ஜாக்கி சிரித்தாள். "அப்ப வாங்க, பக்கத்துல உக்காருங்க. எனக்கு இந்தக் குழியோட அடிப்பக்கம் தெரியாது. வளையத்தத் தாண்டி வெட்டிட்டா உள் நட்டு கெட்டுடும், பிடிக்க ஒண்ணும் இருக்காது."

டாக்டர் கைப்பையிலிருந்து சின்ன முகக்கண்ணாடியை எடுத்தாள். மண்டியிட்டு, குழியின் விளிம்பில் அதைச் சாய்த்துப் பிடித்தாள். தலைகீழாகத் தெரிகிற ஒன்றை நேராகப் புரிந்துகொள்வது அவளுக்குத் தினமும் செய்கிற வேலை. தம்பி கைவிளக்கைப் பிடித்தான். ஜாக்கி பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மற்றவர்களுக்கும் நீட்டினாள். தம்பி கிரகணக் கண்ணாடியைக் கையில் எடுத்தான்.

"அது சூரியனுக்கு தம்பி. அதப் போட்டா நட்டு இல்ல, நானே தெரிய மாட்டேன்."

கிரைண்டர் சீறியது. பொறிகள் தகரத்தில் பட்டுத் தெறித்தன. ஜாக்கி கொஞ்சம் வெட்டுவாள், நிறுத்துவாள். டாக்டர் கண்ணாடியில் பார்ப்பாள். "இன்னும் போகல... இன்னும் ஒரு இழை... கீழ்ப்பக்கம் மட்டும் மிச்சம் இருக்கு..." இருவரும் அன்றுதான் சந்தித்தவர்கள் என்று பார்த்தவர் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"போதும்! நிறம் மாறுது, அடியில வேற இரும்பு தெரியுது."

ஜாக்கி கிரைண்டரை நிறுத்தினாள். சத்தம் அடங்கியதும்தான் மூவருக்கும் உறைத்தது: வெளியே ஏதோ மாறியிருந்தது. வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதில் சூடு இல்லை. பால் சேர்க்காத தேநீரில் தண்ணீர் கலந்தது போல மெலிந்த வெளிச்சம். காற்றில் ஒரு குளிர்ச்சி.

"அக்கா," என்றான் தம்பி. "தரையப் பாரு."

கொட்டகையின் தகரக் கூரையில் பழைய ஆணி ஓட்டைகள் ஏராளம். வழக்கமாக அவை வழியே தரையில் விழும் ஒளி வட்ட வட்டமாக இருக்கும். இப்போது ஒவ்வொரு வட்டமும் பிறையாகியிருந்தது. எண்ணெய்க் கறை படிந்த தரை முழுவதும், அடுக்கிய டயர்களின் மேல், சுவரில் தொங்கிய குழாய்களின் மேல், எல்லாம் ஒரே பக்கம் பார்த்த சின்னச் சின்னப் பிறைகள். கிழிந்த டயரின் கருப்பில் சில. ஜாக்கியின் புறங்கையில் ஒன்று.

அவள் கையை அசைத்தாள். பிறை அசையாமல் இருந்த இடத்தில் நின்றது, கைதான் அதன் அடியில் நகர்ந்தது.

"இத்தன வருஷமா இந்த ஓட்டையெல்லாம் அடைக்கணும்னு திட்டிட்டு இருக்கேன்," என்றாள். "இது என்ன, படமா?"

"சூரியனோட படம். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கேமரா மாதிரி. எப்பவும் சூரியனோட உருவம்தான் விழும். அது வட்டமா இருக்கறதால நாம வெறும் வெளிச்சம்னு நினைச்சுக்கறோம்."

ஜாக்கி தலையை ஆட்டினாள். உளியை எடுத்து, வெட்டிய கோட்டில் வைத்து ஓர் அடி. வளையம் வாய் பிளந்தது. இன்னொரு அடி. இரண்டு துண்டாகப் பிரிந்து கீழே விழுந்தது. உள்ளே, யாரும் அதுவரை பார்த்திராத உண்மையான நட்டு தெரிந்தது. கறுத்து, கழுத்துப் பக்கம் துருப்பிடித்து, சட்டையில்லாமல்.

இன்னும் சின்ன சாக்கெட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இம்முறை அடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பக்கவாட்டிலிருந்து பார்த்து, கோணவில்லை என்று உறுதிசெய்தாள். கோணலாக இறங்கினால் நட்டைத் தாங்கும் ஸ்டட் ஆணி ஒடியும், ஒடிந்தால் இன்று கார் நகராது என்று அடிகளுக்கு நடுவே சொன்னாள். சாக்கெட்டில் நீட்டுக் கம்பியை மாட்டி, அதன் மறுமுனைக்குக் கீழே ஒரு தாங்கியை வைத்து நேராக நிறுத்தினாள். திருப்பும் கம்பியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகினாள்.

"தம்பி, நீங்க வாங்க."

அவன் தயங்கினான். "நானா? நான்தானே கெடுத்தேன்."

"அதனாலதான். பலம் உங்ககிட்ட இருக்கு. நிதானம் நான் சொல்றேன். வெடுக்குனு இழுக்கக் கூடாது. குழந்தையத் தொட்டில்ல இறக்கற மாதிரி, மெல்ல, விடாம. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

அவன் குழாயைப் பிடித்தான். ஜாக்கி ஒரு கையைச் சாக்கெட்டின் மேல் வைத்துக்கொண்டாள், அது நழுவினால் முதலில் தெரியவேண்டும் என்று. டாக்டர் விளக்கைப் பிடித்தாள். பிடிக்கவேண்டிய அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

"ம்... இன்னும்... விடாதீங்க... இன்னும்."

குழாய் வளைவது கண்ணுக்குத் தெரிந்தது. தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது. எதுவும் நகரவில்லை. நகராமலேயே அங்கே ஏதோ திரண்டுகொண்டிருந்தது.

'டக்.'

மூவரும் உறைந்தார்கள். டாக்டருக்கு அந்தச் சத்தம் தெரியும். பல் பிடுங்கும்போதும் இப்படி ஒன்று கேட்கும். வேர் விடுபட்டாலும் அதே சத்தம், வேர் ஒடிந்தாலும் அதே சத்தம். அடுத்த கணம் கையில் என்ன தெரிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"ஒடிஞ்சுபோச்சா?" என்றான் தம்பி, கிசுகிசுப்பாக.

ஜாக்கி அவனை விலக்கிவிட்டுத் தானே குழாயைப் பிடித்து, மெல்ல, ஒரு விரல் அளவு திருப்பினாள். கண்ணை மூடியிருந்தாள்.

"கனமா இருக்கு," என்றாள். "ஒடிஞ்சிருந்தா லேசாயிடும். இது மரையில உரசிக்கிட்டே வருது." கண்ணைத் திறந்தாள். "வருது டாக்டரம்மா. வருது."

முனகிக்கொண்டே அது வந்தது. ஒவ்வொரு திருப்புக்கும் கொஞ்சம் துரு உதிர்ந்தது. கடைசியில் சாக்கெட்டோடு சேர்ந்து ஜாக்கியின் உள்ளங்கையில் விழுந்தது. டாக்டர் அதைத் தொட்டாள். சூடாக இருந்தது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மற்ற நான்கும் கழன்றன, கார் உயர்ந்தது, கிழிந்த சக்கரம் இறங்கியது. ஜாக்கி ஸ்டட்டின் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒரு சாதாரண நட்டைக் கையாலேயே கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். தடங்கல் இல்லை. ஸ்டெப்னி ஏறியது. கார் இறங்கியதும் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக ஐந்தையும் இறுக்கினாள்.

டாக்டர் கண்ணாடியில் மேலே பார்த்தாள். கீற்று போலத்தான் சூரியன் மிச்சமிருந்தது.

"நடுப்பட்டைக்குப் போக முடியாது," என்றாள். "ஆனா வரைபடத்துல ஒரு ஏரிக்கரை மேடு இருக்கு, அது பட்டைக்கு உள்ள வருது. சும்மா ஒரு ஓரமா. கொஞ்ச நேரம்தான் தெரியும்."

"மேட்டுக்கு வண்டியில பத்து நிமிஷம்," என்றாள் ஜாக்கி. கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். சாலையில் இப்போது ஒரு வண்டியும் இல்லை. "புதுசா மாட்டின சக்கரத்தக் கொஞ்ச தூரம் ஓடவிட்டுத் திரும்ப ஒருதடவை இறுக்கணும். இல்லன்னா தளர்ந்துடும்." ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். "அதுக்காகத்தான் வரேன்."

"ஏறுங்க," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

சாலை ஈய நிறத்தில் கிடந்தது. மரங்களின் நிழல்கள் கத்தியால் வெட்டியது போலக் கூராக இருந்தன, ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. பறவைகள் கூட்டமாக மரங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. தம்பி முகப்பு விளக்கைப் போட்டான்.

மேட்டில் ஏறி காரை நிறுத்தியபோது, ஏரியின் மறுகரைக்கு அப்பால் வானம் கறுத்திருந்தது. மழைக்கருமை போல இல்லை. அது நகர்ந்து வந்தது.

"அதோ, நிழல்," என்றாள் டாக்டர். அதற்குமேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை.

தண்ணீரின் மேல் அது ஓடிவந்தது. சத்தமில்லாமல், எந்த வண்டியும் ஓட முடியாத வேகத்தில். ஜாக்கி தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கிக் காரின் மேல் சாய்ந்தாள். காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. கிரகணக் கண்ணாடியில் கீற்று மெலிந்து நூலானது. நூல் அறுந்து மணிகளாகச் சிதறியது. விளிம்பில் ஒளி மணிகள் வரிசையாக, ஒன்று அணைய ஒன்று எரிய, சற்று நேரம் ஊர்ந்தன. நடுப்பட்டையில் நின்றவர்களுக்கு அது கண் இமைக்கும் நேரம்தான். ஓரத்தில் நின்ற இவர்களுக்கு அது நின்று நிதானமாகக் காட்டியது. கடைசி மணியும் அணைந்தது.

"இப்ப கழட்டுங்க," என்று கத்தினாள் டாக்டர். "கண்ணாடியக் கழட்டுங்க!"

சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி, வெள்ளை முடி விரிந்தது போல, அசையாத வெளிச்சம். ஒரு விளிம்பில் சிவப்பாக, உயிருள்ளது போல ஒரு கோடு. பக்கத்தில் ஒரு கிரகம் பளிச்சென்று எரிந்தது. அடிவானம் முழுக்க, எந்தப் பக்கம் திரும்பினாலும், அந்திச் செம்மை.

ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு மூச்சை மூவரில் யாரும் விடவில்லை.

பிறகு ஒரு புள்ளியில் ஒளி பொத்துக்கொண்டது. வெளிச்சம் ஓர் அலையாக வந்து அவர்கள் முகத்தில் மோதியது. எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது. நிழல் அவர்களைத் தாண்டி வயல்களின் மேல் ஓடி மறைந்தது.

டாக்டர் அழுதுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள். தம்பி மண்ணில் உட்கார்ந்திருந்தான். "என்னக்கா அது," என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். பதிலை எதிர்பார்த்தது போலத் தெரியவில்லை. அவள் அவன் தலையில் கைவைத்து முடியைக் கலைத்தாள்.

ஜாக்கி வெகுநேரம் வானத்தைப் பார்த்தபடியே நின்றாள். இரண்டு கைகளாலும் ஸ்பானரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. கடைசியில் வந்து சக்கரத்தின் முன்னால் குந்தினாள். ஒவ்வொரு நட்டாக இறுக்கிப் பார்த்தாள். ஒன்று மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தது. அதைச் சரிசெய்தாள்.

"டாக்டரம்மா," என்றாள் குந்தியவாறே. "இது மறுபடி எப்ப வரும்?"

"இங்க நம்ம ஆயுசுல வராது. வேற எங்கயாவது வரும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை, பூமியில ஏதாவது ஒரு மூலையில."

"எந்த மூலையில?"

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த நிழல் எந்தக் கடலைத் தாண்டும், எந்த நாட்டில் கரையேறும் என்று விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டத் தொடங்கினாள். ஜாக்கி தலையைச் சாய்த்துக் கவனமாகப் பார்த்தாள், நடுநடுவே கேள்வி கேட்டாள். அங்கே போக எத்தனை நாள் ஆகும், குளிருமா, கடையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது.